தோழிக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷொட்: கடை மேசையில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

எனக்கு வந்த மெசேஜைத்தானே அக்கா நான் காட்டுறன், அதில என்ன பிழை?

வந்தது உங்களுக்குத்தான். ஆனால் எழுதின ஆள் நீங்கள் ஒருவர் மட்டும் வாசிப்பீர்கள் என்று நினைத்து எழுதினவர்.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியடியில் போன் திருத்துகிற கடையொன்றில் கனகாலமாக இருக்கிறேன். கண்ணாடி மாற்ற, பற்றரி மாற்ற என்று வருகிற பிள்ளைகள் போனைக் கையில் தந்துவிட்டுக் கொஞ்சம் தயங்கி நிற்பார்கள். பிறகு மெதுவாக, "அக்கா, நான் அனுப்பின படத்தை மற்ற ஆளின்ர போனில இருந்து அழிக்க ஏலுமா?" என்று வரும். பத்துக்கு ஏழு தரம் அந்தப் படம் ஒரு வட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷொட்டாகத்தான் இருக்கும், அறிவுரை கேட்க அனுப்பினதாக.

அறிவுரை கேட்பதே பிழை என்று நான் சொல்ல மாட்டேன். நானும் கேட்கிறவள்தான். ஆனால் ஒரே படத்துக்குள் இரண்டு வகைப் பேச்சு இருக்கும், அதைப் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும். ஒன்று, அவர் உங்களோடு நடந்துகொண்ட விதம்: "இனி எனக்கு மெசேஜ் போடாதீங்க", "நீங்க ஏன் நேற்று வரேல்லை" போன்றவை. அது உங்களுக்கு நடந்த விசயம், அதைக் காட்டி "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மற்றது, அவர் தன்னைப் பற்றியோ தன் வீட்டைப் பற்றியோ உங்களிடம் சொன்னது: அப்பாவின் வருத்தம், அக்காவின் விவாகரத்து, தலைக்கு மேல் இருக்கிற கடன். அது உங்களிடம் வைக்கத் தந்த பொருள் மாதிரி. நான் பார்த்தவரை சண்டையெல்லாம் இந்த இரண்டாவது வகையால்தான் வருகிறது. முதல் வகைக்காகக் கோபப்பட்டு வந்தவர்கள் மிகக் குறைவு.

அப்பிடி என்ன பெரிசா நடந்திடும்?

ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி ஒன்று சொல்கிறேன்.

கோண்டாவில் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி. கனடாவில் இருக்கிற பெடியன் ஒருவரோடு கலியாணப் பேச்சு. சாதகம் பொருந்தி, பெரியாக்கள் கதைத்து, இருவரையும் "நீங்களும் ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ" என்று விட்டிருந்தார்கள். ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு பெடியன் சுருக்கமாக எழுதத் தொடங்கினான். இவள் நாலு வரி எழுதினால் அங்கிருந்து "ம்" வரும், இல்லாவிட்டால் "சரி, பிறகு கதைக்கிறன்" வரும். விருப்பம் குறைந்துவிட்டதோ என்று இவளுக்குப் பயம்.

பள்ளிக்கூடத்துத் தோழிகள் ஐந்து பேர் இருக்கிற குறூப்பில் இரவு பதினொரு மணிக்குப் பதினாலு ஸ்கிரீன்ஷொட்டைப் போட்டாள். கேட்க வேண்டியிருந்த கேள்விக்கு மூன்று வரி போதும். ஆனால் "முழுக்கப் பாத்தாத்தான் விளங்கும்" என்று மூன்று வாரத்துக் கதையையும் மேலிருந்து கீழே எடுத்துப் போட்டாள். அதற்குள் பெடியனின் அப்பாவுக்கு இருதய ஒப்பரேசன் செய்யவேண்டி இருப்பதும், வீட்டுக்கு எடுத்த கடனுக்காக அவன் இரண்டு வேலை செய்வதும் இருந்தன. இரண்டு வேலைக்குப் போகிறவன் "ம்" என்று எழுதுவதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த நேரத்தில் அவளுக்கு அது தோன்றவில்லை.

ஐந்து பேரில் ஒருத்தி, கெட்ட எண்ணத்தோடு இல்லை, பாவப்பட்டுத்தான், தன் அம்மாவிடம் சொல்லிப் படத்தையும் காட்டினாள். அந்த அம்மா கோயிலில் தனக்குப் பழக்கமான ஒருவரிடம், "அந்தத் தகப்பனுக்கு ஒப்பரேசனாமே" என்று விசாரித்தார். அவர் பெடியனுக்குச் சின்னம்மா முறை. அப்பாவின் வருத்தத்தை அந்த வீட்டார் ஊரில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. நாலாம் நாள் பெடியனிடமிருந்து ஒரு வரி வந்தது: "என்ர அப்பாவின்ர வருத்தம் உங்கட சினேகிதப்பிள்ளையளுக்கு ஏன் தெரியவேணும்?"

பேச்சு நின்றுவிட்டது. அவள் கேட்டது "இவருக்கு என்னில விருப்பமா இல்லையா" என்பது மட்டும்தான். அதைக் கேட்டதற்காக யாரும் அவளைக் கோபிக்கவில்லை.

நான் ஸ்கிரீன்ஷொட் எடுத்தா மற்ற ஆளுக்குத் தெரியுமா?

வட்ஸ்அப்பில் சாதாரண உரையாடலை எடுத்தால் தெரியாது, எந்த அறிவித்தலும் போகாது. ஸ்நப்சட்டில் போகும். மெசெஞ்சரில் தானாக மறைகிற செய்திகளை எடுத்தாலும், இன்ஸ்டகிராமில் அதே மாதிரியான மறையும் முறையில் எடுத்தாலும் மற்றவருக்குக் காட்டும். வட்ஸ்அப்பில் View once என்று அனுப்பின படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுக்கவே விடாது, 2022 முதல் அப்படித்தான். ஆனால் இன்னொரு போனால் அந்தத் திரையைப் படம் பிடித்தால் அதை எந்த அப்பும் தடுக்காது, கண்டுபிடிக்கவும் மாட்டாது.

"எண்ட் டு எண்ட் பாதுகாப்பு இருக்குத்தானே" என்று சிலர் கேட்பார்கள். அது வழியில் போகும்போது யாரும் திறந்து பார்க்காமல் இருக்க. இரண்டு முனையில் இருக்கிற ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பது அதற்குள் வராது.

பெயரை மறைச்சிட்டு அனுப்பினாக் காணும்தானே?

ரொறன்ரோவில் இருக்கிற ஆள் கொழும்பில் இருக்கிற ஆளைப் பற்றிக் கேட்டால் ஒருவேளை காணும். யாழ்ப்பாணத்தில் காணாது. "கனடா, இரண்டு அக்கா, தகப்பன் பேக்கரி வைத்திருந்தவர்" என்றால் இணுவிலில் இருந்து பருத்தித்துறை வரை யாராவது ஒருவர் ஆளைச் சொல்லிவிடுவார். இங்கே பெயரைவிட விவரம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும், அதனால் மறைக்கவேண்டியது முதலில் விவரத்தை.

அதோடு பெயரை மறைப்பதிலேயே கனபேர் கோட்டை விடுகிறார்கள். மேலே இருக்கிற பெயரை அழித்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற சின்ன வட்டப் படத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் ஒரு செய்திக்குப் பதிலாக எழுதும்போது மேலே பழைய செய்தி சின்னப் பெட்டியாக வருமே, அதற்குள் பெயர் இருக்கும். நம்பரைச் சேமிக்காமல் கதைத்தால் பெயருக்குப் பதிலாக நம்பரே மேலே நிற்கும். ஸ்கிரீன்ஷொட் எடுக்கிற நொடியில் வேறு யாருடையதோ செய்தி மேலிருந்து இறங்கினால் அதுவும் படத்தில் விழும். இது நான் கடையில் பார்த்த உண்மை: ஒருத்தி பெடியனின் பெயரை அழகாக மறைத்திருந்தாள், ஆனால் உச்சியில் அவளுடைய வங்கிக் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்று வந்த செய்தி பளிச்சென்று தெரிந்தது.

எதால் மறைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். போனிலேயே இருக்கிற ஹைலைட்டர் பேனையில் கறுப்பு நிறத்தைத் தேர்ந்து இரண்டு தரம் இழுத்தால் கண்ணுக்கு மறைந்த மாதிரி இருக்கும். அது முழுக்க மூடாத மை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே இருக்கிற எழுத்து மேலே வரும், சந்தேகம் என்றால் உங்கள் போனிலேயே செய்து பாருங்கள். கட்டம் கட்டமாக மங்கலாக்குவதும் நம்பத் தகுந்தது இல்லை. முழுக்க நிரம்பின ஒரு பெட்டியை அதன்மேல் வைத்து, அந்தத் திருத்தின படத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அந்தப் புதியதை அனுப்புங்கள். ஏன் இரண்டாம் தரம் எடுக்கச் சொல்கிறேன் என்றால், 2023இல் கூகுளின் பிக்சல் போன்களில் ஒரு குறை வெளியே வந்தது. வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷொட்டின் கோப்புக்குள்ளேயே வெட்டுப்பட்ட பகுதி மிச்சமாக இருந்து, அதை மீட்டெடுக்கக் கூடியதாக இருந்தது. விண்டோஸ் கணினியில் இருக்கிற வெட்டும் கருவியிலும் அதே மாதிரியான குறை. இரண்டையும் பிறகு திருத்திவிட்டார்கள், ஆனால் திருத்தம் வரமுதல் அனுப்பின படங்கள் போன இடங்களில் அப்படியேதான் இருக்கும். புதிதாக எடுத்த ஸ்கிரீன்ஷொட்டில் திரையில் தெரிவது மட்டும்தான் பதியும்.

அப்ப எப்பிடித்தான் அறிவுரை கேக்கிறது?

முதலில் படம் இல்லாமல் கேட்டுப் பாருங்கள். கோண்டாவில் தங்கச்சியின் கதையையே எடுப்போம். அவள் ஒரு தோழிக்கு இப்படி எழுதியிருக்கலாம்: "ஒரு மாசம் நல்லாக் கதைச்சவர், இப்ப ரெண்டு கிழமையா ஒரு சொல்லில பதில் போடுறார். வேலை கூட எண்டு சொன்னவர். நான் நேரா என்னண்டு கேக்கட்டோ, இல்லாட்டிக் கொஞ்சம் விடட்டோ?" இதில் கேள்வி முழுக்க இருக்கிறது. இருதயமும் இல்லை, கடனும் இல்லை. இதைக் கேட்ட தோழி, "வேலை கூட எண்டு சொன்னவர் எண்டா ஞாயிற்றுக்கிழமை கோல் எடுத்துக் கேளன்" என்றுதான் சொல்லியிருப்பாள். பதினாலு படத்தைப் பார்த்துவிட்டு அந்த ஐந்து பேரும் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்.

இப்படிச் சொந்தச் சொல்லில் எழுதும்போதே பாதிப் பேருக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. என்ன கேட்கப்போகிறோம் என்று ஒரு வரியாக்க வேண்டி வருவதால் அப்படி நடக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்கிரீன்ஷொட் அந்த வேலையைத் தோழியின் தலையில் கட்டிவிடும், "பார், நீயே சொல்லு" என்று.

சரி, சில வேளை சொல்லே பிரச்சினையாக இருக்கும். "பாப்பம்" என்று எழுதினால் அது ஓமா இல்லையா? "உங்கட விருப்பம்" என்றது கோபமா சாதாரணமா? அப்போது அந்த வரியைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அந்த இரண்டு மூன்று வரியைக் காட்டுங்கள், அனுப்பாதீர்கள். தோழி கிட்ட இருக்கிறாள் என்றால் நேரில் போய் உங்கள் போனை உங்கள் கையில் வைத்துக்கொண்டு காட்டலாம். போனைக் கையில் கொடுத்தால் விரல் தானாக மேலே தள்ளும், நானும் தள்ளியிருக்கிறேன். தூரத்தில் இருக்கிறாள் என்றால் கோல் எடுத்து வாசித்துக் காட்டுங்கள். அதுவும் இயலாது என்றால் அந்த மூன்று வரி மட்டும் தெரிய வெட்டி, மேலே சொன்ன மாதிரி மறைத்து, View once போட்டு ஒரே ஒருவருக்கு அனுப்புங்கள். யாருக்கு என்று தெரிவதற்கு நான் வைத்திருக்கிற அளவுகோல் ஒன்றுதான்: அவள் எனக்கு வேறு யாருடையதாவது ஸ்கிரீன்ஷொட்டை முன்பு காட்டியிருக்கிறாளா? காட்டியிருந்தால் என்னுடையதையும் காட்டுவாள்.

குறூப்பில இருக்கிறது எல்லாம் சின்ன வயசில இருந்து தெரிஞ்ச ஆக்கள். அதிலயும் போடக் கூடாதா?

ஆட்களை நம்பலாம், அவர்களின் போனை நான் நம்ப மாட்டேன். அன்றொயிட் போன்களில் வட்ஸ்அப் படங்கள் தானாக இறங்கிக் கலரியில் போய் நிற்கிற மாதிரித்தான் வழமையாக இருக்கும். தோழி படத்தைப் பார்த்து மறந்துவிடுவாள், ஆனால் அவளின் தம்பி கேம் விளையாட வாங்குகிற போனில், மாமி பிறந்தநாள் படம் பார்க்கத் தட்டுகிற கலரியில், உங்கள் ஆளின் கதை கேக் வெட்டின படத்துக்கு அடுத்ததாக நிற்கும். ஐபோனில் கலரிக்குப் படம் போய், ஐகிளவுட் படச் சேமிப்பும் போட்டிருந்தால் ஸ்கிரீன்ஷொட்டும் சேர்ந்து மேலே ஏறும், அதே கணக்கில் வீட்டிலிருக்கிற ஐபாட்டிலும் வந்து இறங்கும். வேலையிடத்துக் கணினியில் வட்ஸ்அப்பைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்களை நான் எண்ணியே முடிக்க மாட்டேன்.

ஐந்து பேர் என்றால் ஐந்து கலரி, ஐந்து வீடு, எத்தனை கணினி என்று தெரியாது. ஒருத்திக்கு அனுப்பி அது வெளியே போனால் யாரிடமிருந்து போனது என்று தெரியும், அது அவளுக்கும் தெரியும், அதனாலேயே கவனமாக இருப்பாள். ஐந்து பேரில் ஒருத்திக்கும் அந்தப் பாரம் இல்லை.

வட்ஸ்அப்பில் Advanced chat privacy என்று ஒரு வசதி 2025இல் வந்தது. அதைப் போட்டால் உரையாடலை மொத்தமாக வெளியே எடுக்க முடியாது, படம் தானாகக் கலரிக்கு இறங்காது. குறூப்பில் போட்டு வைப்பது நல்லது. ஸ்கிரீன்ஷொட்டை அது தடுக்காது.

அனுப்பிட்டன். இனி அழிக்க ஏலுமா?

அனுப்பி இரண்டரை நாளுக்குள் என்றால் Delete for everyone கொடுக்கலாம். உரையாடலிலிருந்து போகும், "அழிக்கப்பட்டது" என்ற அடையாளம் மிஞ்சும். ஐபோன்காரரின் கலரியில் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருந்தால் அங்கே இருக்கக்கூடும். அவர்கள் வேறு யாருக்கும் முன்னுக்கு அனுப்பியிருந்தால் அதை உங்களால் தொடவே முடியாது. கலரியில் இருந்து ஸ்கிரீன்ஷொட்டைப் புதிதாகத் தேர்ந்து அனுப்பினால் Forwarded என்ற அடையாளமும் வராது, ஆகவே யார் யாருக்குக் கொடுத்தார் என்று பின்தொடரவும் வழியில்லை.

பொத்தானைவிட, நேராகக் கேட்பது வேலை செய்யும். "நான் அனுப்பினதை அழிச்சிடு, குப்பைத்தொட்டியிலயும் அழிச்சிடு, நான் போட்டிருக்கக் கூடாது" என்று எழுதுங்கள். குப்பைத்தொட்டி என்று தனியாகச் சொல்வதற்குக் காரணம், கூகுள் போட்டோஸில் மேலே ஏற்றின படம் அழித்த பிறகும் 60 நாள் அங்கே கிடக்கும், ஐபோனில் 30 நாள். உங்கள் போனிலும் பாருங்கள். அனுப்பினவர்கள் எல்லாரும் தங்கள் ஸ்கிரீன்ஷொட் கோப்புறையை மறந்துவிடுகிறார்கள். திருத்த வருகிற போன்களைச் சோதிக்கும்போது படங்களை நான் திறப்பதில்லை, ஆனால் திறக்கிற கடையும் இருக்கலாம்தானே.

தோழி ஒருத்தி எனக்கு வேற ஒராளின்ர ஸ்கிரீன்ஷொட்டை அனுப்பி "என்ன நினைக்கிறாய்" எண்டு கேக்கிறாள். நான் என்ன செய்ய?

பதில் சொல்லுங்கள், படத்தை அழியுங்கள், "அழிச்சிட்டன்" என்று சொல்லுங்கள். அவ்வளவும் ஒரு நிமிட வேலை. சொன்னால் அவளுக்கும் நிம்மதி.

பதில் சொல்ல முதல் ஒன்றைக் கேளுங்கள்: "இதுக்கு முதல் நீ என்ன எழுதினனீ?" ஸ்கிரீன்ஷொட் ஒரு திரையின் உயரம்தான், எங்கே தொடங்கவேண்டும் என்று முடிவெடுத்தவர் அனுப்பினவர். "உங்களோட கதைக்க விருப்பமில்லை" என்ற வரிக்கு மேலே, அவள் அவனுடைய தங்கச்சியைப் பற்றி எழுதின ஒரு கூடாத வரி இருந்ததை நான் ஒருமுறை பிறகுதான் அறிந்தேன். அதற்குள் நானும் "விடு, அவன் சரியில்லை" என்று சொல்லி முடித்திருந்தேன். திகதியையும் பாருங்கள். இரண்டு செய்திக்கு இடையில் மூன்று நாள் போயிருந்தாலும் படத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக, உடனே சண்டை பிடித்த மாதிரித் தெரியும். பொய்யாகவும் செய்யலாம், அதற்குக் கெட்டித்தனம் ஒன்றும் வேண்டாம்: எந்த நம்பரையும் எந்தப் பெயரிலும் சேமித்தால் மேலே அந்தப் பெயர்தான் வரும். தெரியாத ஒருவர் "உன்ர ஆள் எழுதினதைப் பார்" என்று அனுப்புகிற ஸ்கிரீன்ஷொட்டை அந்த எண்ணத்தோடு பாருங்கள்.

என்ர மெசேஜைத் தன்ர சினேகிதருக்கு அனுப்பியிருக்கிறார் எண்டு அறிஞ்சிட்டன். கத்தவோ, விடவோ?

எதை அனுப்பினார் என்று முதலில் அறியுங்கள். நீங்கள் கோபத்தில் எழுதினதைக் காட்டி "நான் என்ன செய்ய" என்று ஒரு நண்பரிடம் கேட்டிருந்தால், வெட்கமாக இருக்கும்தான், ஆனால் அவர் உங்களோடு சமாளிக்க வழி தேடியிருக்கிறார். நான் என்றால் "கேக்க வேணும் எண்டா என்னட்டயே கேட்டிருக்கலாம்" என்று ஒருதரம் சொல்லிவிட்டு விட்டுவிடுவேன். உங்கள் வீட்டு விசயத்தையோ உங்கள் படத்தையோ அனுப்பியிருந்தால், அல்லது சிரிப்பதற்காகக் குறூப்பில் போட்டிருந்தால், அது வேறு. யார் யாருக்கு அனுப்பினார் என்று பெயர் பெயராகக் கேளுங்கள், உங்கள் முன்னாலேயே அவர்களிடம் அழிக்கச் சொல்லச் சொல்லுங்கள். "எல்லாருந்தான் அனுப்புகினம்" என்று பதில் வந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

சட்டம் பற்றிச் சிலர் கேட்பார்கள். இலங்கையில் 2022இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்கான பயன்பாட்டுக்குப் பொருந்தாது, ஆகவே தோழிக்கு அனுப்பினதை வைத்து அதன்கீழ் போக முடியாது. 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில், ஒருவரைத் துன்புறுத்தும் எண்ணத்தோடு அவருடைய அந்தரங்கத் தகவலை வெளியிடுவது குற்றம் என்று இருக்கிறது. அந்த எண்ணம்தான் அங்கே முக்கியம். அறிவுரை கேட்டது ஒன்று, பழிவாங்கப் பேஸ்புக்கில் போட்டது இன்னொன்று.

மிரட்டி எழுதுறான் அக்கா. அதையும் காட்டக் கூடாதா?

காட்டுங்கள், கட்டாயம். இதுவரை நான் சொன்னதெல்லாம் இங்கே தலைகீழ். படம் அனுப்பாவிட்டால் வீட்டில் சொல்வேன், காசு போடாவிட்டால் ஊரெல்லாம் பரப்புவேன் என்று எழுதுகிறவருக்கு அந்தரங்கம் காக்கிற கடமை உங்களுக்கு இல்லை.

இங்கே வெட்டாதீர்கள், மறைக்காதீர்கள். நம்பர் தெரிய, திகதி தெரிய, முதல் செய்தியிலிருந்து வரிசையாக ஒன்றின் கடைசி வரி அடுத்ததின் முதல் வரியாக வருகிற மாதிரி எடுங்கள். அந்த ஆளின் விவரப் பக்கத்தைத் திறந்து நம்பரையும் எடுங்கள். ஆத்திரத்தில் உரையாடலை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷொட்டைவிடப் போனில் இருக்கிற உரையாடல்தான் பலமான சாட்சி. மறையும் செய்திகள் போட்டிருந்தால் உடனே நிறுத்துங்கள், ஏற்கெனவே வந்தவை நேரம் வந்ததும் போய்விடும், அதற்கு முதல் எடுத்துவிடுங்கள். பிறகு குறூப்பில் போடாமல் வீட்டில் நம்புகிற ஒரு பெரிய ஆளிடம் காட்டுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் சிறுவர் உதவி 1929, அவசரம் என்றால் 119. கணக்கைக் களவெடுத்தது, போலிக் கணக்கு போன்றவற்றுக்கு 101க்கு எடுக்கலாம்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழான பிள்ளையின் உடம்புப் படம் அதற்குள் இருந்தால் அறிவுரைக்காகக்கூட யாருக்கும் அனுப்பவேண்டாம். போனையே கொண்டுபோய்ப் பொலிசில் காட்டுங்கள்.

அம்மா "எல்லாத்தையும் காட்டு" எண்டு நிக்கிறா. கலியாணப் பேச்செண்டா காட்டத்தானே வேணும்?

அம்மாவுக்கு அறிய வேண்டியது இருக்கிறது, அதை வாயால் சொல்லுங்கள். வேலை என்ன, எங்கே இருக்கப் போகிறார், கதை பிடிக்கிறதா, ஏதாவது மனதுக்குச் சரிவராமல் இருக்கிறதா. முழு உரையாடலையும் வாசித்துவிட்டால் அம்மா அடுத்த தரம் பெடியனின் அம்மாவோடு கதைக்கும்போது ஏதாவது ஒரு வரி வாயில் வந்துவிடும், அவவும் மனிசிதானே. தொடக்கத்திலேயே பெடியனிடம் "வீட்டில கேட்டாச் சொல்லுவன், காட்ட மாட்டன்" என்று எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் இலகு. அதை எழுதின ஒரு பிள்ளைக்கு அங்கிருந்து, "அப்பாடா, நானும் அக்காவுக்குக் காட்டுறேல்லை" என்று பதில் வந்ததாம்.

அக்கா, அவரைப் பற்றின ஸ்கிரீன்ஷொட்டை அவருக்கே அனுப்பிட்டன்!

சிரிக்கவில்லை, எனக்கும் நடந்திருக்கிறது. எடுத்த உடனே பகிரும் பொத்தானைத் தட்டினால் கடைசியாகக் கதைத்த ஆட்கள்தான் முதலில் வருவார்கள். கடைசியாகக் கதைத்தது யாரோடு? ஸ்கிரீன்ஷொட் எடுத்த அதே ஆளோடுதான். நான் அனுப்பினது என்னோடு அப்போது வேலை செய்த ஒரு பெடியனுக்கு, கீழே "இந்த மனிசனுக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது எண்டு சொல்லு" என்று ஒரு வரியும் சேர்த்து. அழித்தேன், ஆனால் அதற்குள் இரண்டு நீலச் சரி விழுந்துவிட்டது.

அழித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் அவர் மிச்சத்தைத் தானாகக் கற்பனை பண்ணுவார், அது நீங்கள் எழுதினதைவிட மோசமாகத்தான் இருக்கும். உடனே எழுதுங்கள்: "இது என்ர சினேகிதிக்கு அனுப்பப் போனது. உங்களோட எப்பிடிக் கதைக்கிறதெண்டு கேக்கத்தான். உங்களிட்டயே கேட்டிருக்க வேணும்." நான் ஏறக்குறைய இப்படித்தான் எழுதினேன். அரை மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது: "சரி, இப்ப கேளுங்கோ."